கட்டட மதிப்பீட்டில் பொருள் சேதாரம்: எந்த வேலைக்கு எவ்வளவு சேர்ப்பது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாப் பொருளுக்கும் பொதுவாக 5 சதவீதம் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. ஒரு வேலையில் பொருள் கூடுதலாகச் செலவாவதற்குத் தொடர்பில்லாத பல காரணங்கள் இருக்கின்றன. டைல்ஸும் கம்பியும் வெட்டுத் துண்டுகளாகப் போகின்றன. செங்கல் ஏற்றி இறக்கும்போது உடைகிறது. பூச்சு, வரைபடத்தில் உள்ள கனத்தைவிடக் கூடுதலாக ஏறிவிடுகிறது. ரெடிமிக்ஸ் காங்கிரீட்டில் ஒரு பகுதி பம்ப் குழாயிலேயே நின்றுவிடுகிறது. இவற்றுள் சில வேலையின் அளவுக்கு ஏற்பக் கூடிக் குறையும். சில, வேலை சிறியதானாலும் பெரியதானாலும் மாறாமல் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் அடக்கினால், ஓர் இடத்தில் பொருள் மிஞ்சும், இன்னோர் இடத்தில் வேலை நடுவில் நின்றுபோகும்.

ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் காரணத்தை எழுதி, அதன்பிறகே எண்ணை எழுதுவது நல்லது. காரணம் எழுத முடியாத சதவீதம் மதிப்பீட்டில் இருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

டைல்ஸுக்கு ஒருவர் 5 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார். எதை நம்புவது?

அறையை வரைந்து பார்க்கும்வரை இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 13 அடி 6 அங்குலம், அகலம் 11 அடி, பரப்பு 148.5 சதுர அடி. கடையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு எளிது: 2க்கு 2 டைல்ஸ், பெட்டிக்கு 4, ஆகவே பெட்டிக்கு 16 சதுர அடி. 5 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 156 சதுர அடி வரும். 10 பெட்டி, அதாவது 40 டைல்ஸ் போதும் என்று முடிவாகும்.

இந்தக் கணக்கில் முதல் பிழை அளவிலேயே இருக்கிறது. 2க்கு 2 என்று சொல்லப்படும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர் சதுரம். 2 அடி என்பது 610 மில்லிமீட்டருக்கு அருகில். ஆகவே 4 டைல்ஸ் கொண்ட பெட்டி 1.44 சதுர மீட்டர்தான், அதாவது 15.5 சதுர அடி. நீங்கள் சேர்த்த 5 சதவீதத்தில் 3 சதவீதத்துக்கு மேல் இந்த அரை சதுர அடிக் குறைவிலேயே கரைந்துவிடுகிறது.

இப்போது அறையை மில்லிமீட்டரில் பாருங்கள். நீளம் 4115, அகலம் 3353. டைல்ஸுக்கு இடையே 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் ஒரு டைல்ஸ் 602 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். நீளவாக்கில் 6 முழு டைல்ஸும், கடைசியில் 503 மில்லிமீட்டர் துண்டும் வரும். அகலவாக்கில் 5 முழு டைல்ஸும், கடைசியில் 343 மில்லிமீட்டர் துண்டும் வரும். அடிக் கணக்கில் யோசித்தவர், 11 அடியில் ஐந்தரை டைல்ஸ் போகும், ஒரு டைல்ஸை இரண்டாக வெட்டி இரு இடத்தில் வைக்கலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் தேவை 343; டைல்ஸில் பாதி 300தான். ஒரு டைல்ஸிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். ஆகவே 7 வரிசை பெருக்கல் 6, மொத்தம் 42 டைல்ஸ் தேவை. பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் 38.3 டைல்ஸ்தான், வெட்டுச் சேதாரம் மட்டுமே 9.6 சதவீதம் ஆகிறது. உடைசலுக்கு ஒன்று சேர்த்தால் 43. பெட்டிக் கணக்கில் 11 பெட்டி, 44 டைல்ஸ். 10 பெட்டி வாங்கியவருக்கு, ஒன்றுகூட உடையாவிட்டாலும், 2 குறையும்.

அதே அறையின் அகலம் 5 சென்டிமீட்டர் குறைந்து 3.30 மீட்டராக இருந்திருந்தால், கடைசித் துண்டு 290 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். ஒரு டைல்ஸில் இரண்டு துண்டு கிடைத்திருக்கும். அப்போது 39 டைல்ஸ் போதும், சேதாரம் 3.4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். டைல்ஸ் அதேதான், போடுபவரும் அவரேதான். மாறியது சுவரின் இடம் மட்டுமே. 5 என்றவரும் 15 என்றவரும் தத்தம் அறையைச் சொல்லியிருக்கலாம்.

ஸ்கர்ட்டிங்கையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். முதல் கணக்கில் 343 வெட்டிய ஒவ்வொரு டைல்ஸிலும் 257 மில்லிமீட்டர் அகலப் பட்டை மிஞ்சுகிறது. 100 மில்லிமீட்டர் உயர ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு பட்டையில் இரண்டு கிடைக்கும். 6 முழுப் பட்டைகளிலிருந்து 7 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது கதவு போக அந்த அறைக்குத் தேவையானதில் ஏறத்தாழப் பாதி, வந்துவிடுகிறது. தரைக்குச் சேதாரமும், ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக முழு டைல்ஸும் போட்டால் ஒரே பொருளுக்கு இருமுறை பணம் ஒதுக்குகிறீர்கள்.

வரைந்து பார்க்க நேரமில்லாதபோது, நேராகப் போடும் பெரிய அறைகளுக்கு 7, குளியலறை போன்ற சிறிய அறைகளுக்கு 10, மூலைவாட்டில் போடும் தரைக்கு 12 முதல் 15 என்று நான் வைப்பேன். தொடர்ந்து வரும் டிசைன் உள்ள டைல்ஸில் துண்டுகளை வேறிடத்தில் பயன்படுத்த முடியாது. அதற்கு வரைபடம் போடாமல் எண் சொல்லக்கூடாது.

கம்பிக்கு எத்தனை சதவீதம்? லேப்புக்குப் போவதும் சேதாரத்தில் சேருமா?

இரு கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மேலேறி நிற்கும் லேப், வளைவு, கொக்கி ஆகியவை கட்டடத்துக்குள் இருக்கும் கம்பி. அவை நிகர அளவிலேயே சேர வேண்டும். லேப்பை விட்டுவிட்டு, அதற்கு ஈடாகச் சேதாரத்தை 10 என்று வைப்பவர்கள், கடைசியில் எது சேதாரம், எது கம்பி என்று பிரிக்க முடியாமல் நிற்பார்கள்.

உண்மையான சேதாரம் 12 மீட்டர் நீளக் கம்பியை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள்தான். ஒரு வீட்டுக்கு 9 தூண்கள், தூணுக்கு 16 மில்லிமீட்டர் கம்பி 4 என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரத்திலிருந்து தளத்துக்கு மேல் லேப் வரை ஒவ்வொன்றும் 5.2 மீட்டர், மொத்தம் 36 கம்பிகள். 12 மீட்டரில் இரண்டு வெட்டலாம், 1.6 மீட்டர் மிஞ்சும். 18 முழுக் கம்பிகளில் மிஞ்சுவது 28.8 மீட்டர், எடையில் சுமார் 45 கிலோ. பயன்படும் கம்பியோடு ஒப்பிட்டால் 15 சதவீதத்துக்கு மேல். இந்த வேலைக்கு 3 சதவீதம் என்று எழுதினால் கண்டிப்பாகக் குறையும்.

ஆனால் அதே வீட்டின் பீம்களில், தூணுக்கு மேலே வரும் கூடுதல் கம்பி 16 மில்லிமீட்டரில் 1.5 மீட்டர் நீளமாக வரைபடத்தில் இருந்தால், அந்த 18 துண்டுகளும் அங்கே போய்விடும். அப்போது மிஞ்சுவது துண்டுக்கு 10 சென்டிமீட்டர் மட்டுமே. சேதாரம் 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இது நடக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: வெட்டுப் பட்டியலை ஒரே விட்டமுள்ள கம்பிகளுக்கு ஒன்றாகப் போட வேண்டும், தூண் வேலையில் மிஞ்சிய துண்டுகள் பீம் வேலை வரும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலும் தவறுகிறது. துண்டுகள் சென்ட்ரிங் முட்டுக்கும் குழி தோண்டவும் போய்விடுகின்றன, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன.

விட்டம் வாரியாகப் பட்டியல் போட்டிருந்தால் 3, போடாவிட்டால் 5, தூண்களும் குறுகிய பீம்களும் மிகுந்த சிறிய வீட்டுக்கு 7 என்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொன்று: கம்பியை நாம் மீட்டரில் கணக்கிட்டு, எடையில் வாங்குகிறோம். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டருக்கு 0.889. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786, இந்த எடையில் 10 மில்லிமீட்டர் வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதமும், அதற்கும் மேல் 3 சதவீதமும் கூடவோ குறையவோ இருக்க இடம் தருகிறது. எடை கூடுதலான கம்பி வந்தால், அதே டன்னில் மீட்டர் குறையும். அதைக் கம்பி கட்டுபவரின் தலையில் சேதாரமாக ஏற்றக்கூடாது. லோடு வந்ததும் எடைமேடைச் சீட்டையும் கம்பிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

பூச்சு வேலையில் சிமென்ட் எப்போதும் கணக்கை மீறுகிறது. சேதாரத்தைக் கூட்டி வைக்க வேண்டுமா?

கூட்ட வேண்டியது பெரும்பாலும் கனம்தான். 100 சதுர மீட்டர் சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனம், 1க்கு 5 கலவை என்று கணக்கிட்டால், ஈரக் கலவை 1.2 கன மீட்டர். சிமென்ட் ஏறத்தாழ 8 மூட்டை. சுவர் தூக்குக்குச் சரியாக நிற்காமல், அதைச் சமன்படுத்தச் சராசரியாக 16 மில்லிமீட்டர் ஏறினால், கலவை 1.6 கன மீட்டராகவும், சிமென்ட் 10 மூட்டைக்கு மேலாகவும் ஆகிவிடும். அது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. எந்த நியாயமான சேதாரச் சதவீதமும் இதைத் தாங்காது.

பூச்சைத் தொடங்கும் முன் கொத்தனார் சுவரில் லெவல் பொட்டுகள் வைப்பார். அந்தப் பொட்டுகளின் கனத்தை அறைக்குப் பத்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் கனம். செங்கல் சுவரின் இணைப்புகளில் கலவை புகுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதன்மேல் கீழே விழுந்து வீணாகும் கலவைக்கு 5 சதவீதம் போதும். தளத்தின் அடிப்பக்கப் பூச்சில் விழுவது அதிகம். அங்கே 8 வரை வைக்கலாம். சாக்கு விரித்து, விழுந்த கலவையை உடனே எடுத்துப் பயன்படுத்தும் இடத்தில் இதுவும் குறையும்.

காங்கிரீட்டின் ஈரக் கொள்ளளவை 1.54ஆல் பெருக்குகிறோமே, சேதாரம் அதிலேயே அடங்கிவிட்டதா?

அடங்கவில்லை. தளர்வாக அளந்த ஜல்லி, மணல், சிமென்ட் மூன்றும் கலந்து தண்ணீரோடு இறுகும்போது, ஜல்லியின் இடுக்குகளில் மணலும் மணலின் இடுக்குகளில் சிமென்டும் புகுந்துகொள்வதால் மொத்தக் கொள்ளளவு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்கான ஈடுதான் 1.54, ஜல்லி சேராத சிமென்ட்-மணல் கலவைக்கு அதுவே 1.33 அளவில் வருகிறது. இவற்றில் ஒரு சட்டிகூடச் சிந்தியதற்கான கணக்கு இல்லை. சிமென்டுக்கு 2 முதல் 3, ஜல்லிக்கு 5 என்று தனியே சேர்க்க வேண்டும்.

மணலில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். சில சதவீத ஈரமே 20 முதல் 30 சதவீதம் வரை கொள்ளளவைக் கூட்டிக் காட்டும். நாம் வாங்குவதோ 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில். ஒரு கண்ணாடிக் குடுவையில் ஈர மணலை 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தணிய விட்டால், அது 160க்கு இறங்கினால், 25 சதவீதம் உப்பல் என்று பொருள். அந்த மணலைப் பெட்டியால் அளந்து கலக்கினால் உண்மையில் மணல் குறைவாகவே விழுகிறது. அதே மூட்டைக்குக் கிடைக்கும் கலவை குறைந்து, சிமென்ட் கணக்கை மீறுகிறது. மழைக்காலத்தில் பூச்சுக்குச் சிமென்ட் கூடுதலாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மணலுக்கு உப்பலைத் தனியாகவும், தரையில் கலந்துபோவதற்கு 8 முதல் 10 சதவீதத்தைத் தனியாகவும் எழுதுங்கள். கெட்டித் தரையில் கொட்டினால் 5 போதும்.

ரெடிமிக்ஸ் ஆர்டர் செய்யும்போது எவ்வளவு கூட்டிச் சொல்வது?

1000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால், பீம் நீங்கலாக 11.8 கன மீட்டர். சென்ட்ரிங் தகடு சற்றுத் தாழ்ந்து, கனம் கால் அங்குலம் கூடினாலே 5 சதவீதம், அதாவது 0.6 கன மீட்டர் போய்விடும். 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள பம்ப் குழாய் 30 மீட்டர் போட்டால், அதற்குள் 0.37 கன மீட்டர் நிற்கும். வேலை முடிவில் அதில் ஒரு பகுதியை வெளியே தள்ளிப் பயன்படுத்தலாம் என்றாலும், முழுவதும் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. இந்த 0.37, இந்தத் தளத்துக்கு 3 சதவீதம். 40 கன மீட்டர் வேலைக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே குழாயில் நிற்பதைச் சதவீதமாக எழுதாமல் கன மீட்டராகவே எழுதுங்கள்.

கடைசி வண்டியின் அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். முக்கால் பங்கு போட்டு முடிந்ததும், மீதமுள்ள பரப்பை நாடா பிடித்து அளந்து, கனத்தை நான்கைந்து இடத்தில் குத்திப் பார்த்து, பிறகு சொல்லுங்கள். இதற்கு ஆலையுடன் முதல் நாளே பேசி வைக்க வேண்டும்.

செங்கலுக்கு 5 சதவீதம் சரிதானே?

சேம்பர் செங்கலுக்குச் சரி. சுமாராக வெந்த நாட்டுச் செங்கலுக்கு 8 வரை தேவைப்படும். ஜன்னல், கதவு மிகுந்த சுவரில் அரைச் செங்கல் உடைப்பது கூடும் என்றாலும், அந்த அரைகள் பெரும்பாலும் மாற்று வரிசையில் பயன்பட்டுவிடும்.

செங்கலைவிட இணைப்பின் கனத்தைப் பார்க்கச் சொல்வேன். 230க்கு 110க்கு 75 மில்லிமீட்டர் செங்கலுக்கு 10 மில்லிமீட்டர் இணைப்பு வைத்தால், ஒரு கன மீட்டர் கட்டுக்கு 408 செங்கல் போகும். இணைப்பு 15 ஆனால் 363 போதும். ஆனால் கலவை ஏறத்தாழ 38 சதவீதம் கூடும். செங்கல் மிஞ்சியதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, சிமென்ட் எங்கே போனது என்று தேடும் நிலை இப்படித்தான் வருகிறது.

மரம், மின்கம்பி, குழாய், பெயின்ட் ஆகியவற்றுக்கு?

மரத்தில் இழைப்பில் போவதுதான் பெரியது. 5க்கு 3 அங்குலமாக அறுத்த நிலைச் சட்டம், நான்கு பக்கமும் இழைத்தபின் நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் ஆனால், வாங்கிய மரத்தில் 13 சதவீதம் சீவலாகப் போய்விட்டது. வரைபடத்தில் இருப்பது எந்த அளவு என்பதை முதலில் ஆசாரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீளவாக்கில் வெட்டுத் துண்டுக்கு மேலும் 5 சேர்க்க வேண்டும்.

மின்கம்பிக்கு, சுவரில் இறங்கி ஏறும் நீளத்தையும் பெட்டிக்குள் விடும் நுனிகளையும் நிகர அளவில் சேர்த்துவிட்டால் 5 போதும். குழாய்க்கும் அவ்வளவே. பெயின்ட்டில் சதவீதத்தைவிட டப்பாவின் அளவே முடிவு செய்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே முழு டப்பாவுக்கு உயர்த்திக் கணக்கிடுங்கள்.

மதிப்பீட்டுத் தாளில் சதவீதத்தை எந்த இடத்தில், எப்படிச் சேர்ப்பது?

நிகர அளவு, சேதாரம், வாங்கும் அளவு மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும். நிகர அளவுக்குள் சேதாரத்தை மறைத்து எழுதினால், பிறகு யாரோ ஒருவர் அதன்மேல் மறுபடியும் சேர்த்துவிடுவார். எக்செல் தாளில் B2வில் நிகர அளவு, C2வில் 5% என்ற வடிவில் சதவீதம், D2வில் மாறாத அளவு, E2வில் ஒரு பெட்டியின் அல்லது ஒரு கம்பியின் அளவு என்று வைத்தால், வாங்க வேண்டிய எண்ணிக்கை இப்படி வரும்:

```
=ROUNDUP((B2*(1+C2)+D2)/E2,0)
```

சதவீதம் எதன்மீது என்பதிலும் தெளிவு வேண்டும். மேலே உள்ள சூத்திரம் நிகர அளவின் மீதான சதவீதத்துக்கு உரியது. மரத்தில் நாம் பார்த்த 13 சதவீதமோ வாங்கிய அளவின் மீதானது. அதை அப்படியே C2வில் எழுதினால் மரம் குறையும். 0.87ஆல் வகுக்க வேண்டும். அது நிகர அளவின் மீது 15 சதவீதமாகிறது. சிறிய சதவீதங்களில் இந்த வேறுபாடு தெரியாது; 10ஐத் தாண்டினால் தெரியும்.

சேதாரம் பொருளின் அளவில் மட்டும் சேர வேண்டும், கூலியில் சேரக்கூடாது. டைல்ஸ் போடுபவருக்குக் கூலி, போட்ட பரப்புக்குத்தான். அதேபோல், சதுர அடிக்கு இத்தனை மூட்டை, இத்தனை கிலோ என்ற கைக்கணக்கு, முடிந்த வீடுகளின் உண்மைச் செலவிலிருந்து வந்தது. சேதாரம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

கூலி ஒப்பந்தக்காரரிடம் சேதாரத்துக்கு எல்லை வைத்து எழுதி வாங்கலாமா?

வாங்கலாம், வாங்குவதும் நல்லது. ஆனால் அவர் கையில் இருக்கும் காரணங்களுக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்க வேண்டும். இறக்கும்போது உடைந்து வந்தது பொருள் கொடுத்தவரின் பொறுப்பு. சுவர் கோணலால் ஏறிய பூச்சு, சுவர் கட்டியவரின் பொறுப்பு. பூசுபவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடம் கேட்பது நியாயமில்லை. அறையின் அளவால் வரும் டைல்ஸ் வெட்டு, வரைந்தவரின் முடிவு.

எல்லையை மிக இறுக்கமாக வைத்தாலும் கெடுதல் உண்டு. டைல்ஸில் 2 சதவீதத்துக்கு மேல் போனால் பணம் பிடிப்பேன் என்றால், வாசற்படியருகே கண்ணில் படும் இடத்தில் ஒட்டுத் துண்டுகள் வந்து உட்காரும். சிமென்டில் அப்படிச் செய்தால், காலையில் கலந்த கலவைக்கு மதியம் தண்ணீர் தெளித்துப் பூசுவார்கள்.

நான் வைத்த சதவீதம் சரியா என்று வேலை முடிந்தபின் எப்படித் தெரிந்துகொள்வது?

வேலைக்கு எடுத்த பொருளிலிருந்து மீதத்தையும், உண்மையாக அளந்த நிகர அளவையும் கழித்து, வருவதை நிகர அளவால் வகுத்தால் உண்மைச் சேதாரம் வரும். நிகர அளவை வரைபடத்திலிருந்து எடுக்கக்கூடாது. கட்டிய வேலையை அளந்து எடுக்க வேண்டும்.

இதை வீடு முடிந்தபின் ஒரே தடவையாகச் செய்தால் காரணம் கிடைக்காது. பூச்சுக்குப் போன சிமென்டும் கட்டுக்குப் போன சிமென்டும் கலந்துவிடும். ஒவ்வொரு வேலைப் பகுதி முடிந்ததும், மறுநாள் காலை வேலை தொடங்குமுன், மூட்டைகளை எண்ணுங்கள். பிரித்த மூட்டையைக் கால், அரை என்று குறியுங்கள். கம்பித் துண்டுகளை விட்டம் வாரியாக அடுக்கி நீளத்தோடு எழுதுங்கள். 100 சதுர மீட்டர் பூச்சுக்கு 8 மூட்டை என்ற கணக்கில் 11 போயிருந்தால், முதலில் கனத்தை அளந்து பாருங்கள். 16 மில்லிமீட்டர் இருந்தால் 10 மூட்டைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. எஞ்சிய ஒன்றுக்கு மட்டும் மணலின் உப்பலையும், விழுந்த கலவையையும், மூட்டையின் எடையையும், களவையும் அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.